2026–27 பள்ளிக் கட்டணம்: எந்த டேர்முக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிப் பெற்றோருக்கு,

பள்ளி அலுவலகம் கொடுத்த சுற்றறிக்கையில் கட்டண விவரம் முழுவதும் ஒரே பத்தியாக இருக்கிறது. படித்தவர்களில் பாதிப் பேர் "ஜூனில் கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?" என்றுதான் கேட்டார்கள். அந்தப் பத்தியை அப்படியே கீழே தந்து, அதற்கடுத்து அட்டவணையாகப் பிரித்திருக்கிறோம்.

சுற்றறிக்கையில் உள்ளது

> 2026–27 கல்வியாண்டிற்கான ஆண்டுக் கல்விக் கட்டணம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ரூ.13,500, 6 முதல் 8 வரை ரூ.15,600, 9 மற்றும் 10ஆம் வகுப்புகளுக்கு ரூ.18,000 ஆகும். இது மூன்று பருவங்களில் முறையே 40, 30, 30 விழுக்காடாகச் செலுத்தப்பட வேண்டும். பாடநூல், நோட்டு வகைக்கு முறையே ரூ.2,100, ரூ.2,700, ரூ.3,000 முதல் பருவத்துடன் செலுத்தப்பட வேண்டும். தேர்வுக் கட்டணம் பருவத்துக்கு ரூ.300. வேன் கட்டணம் மாதம் ரூ.700 வீதம் ஜூன் முதல் மார்ச் வரை, அந்தந்தப் பருவத் தொடக்கத்தில் மொத்தமாகச் செலுத்தப்பட வேண்டும். முதல் பருவத்துக்குக் கடைசி நாள் ஜூன் 30. இரண்டாம் பருவத்துக்குக் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பின் பத்து நாட்களுக்குள். மூன்றாம் பருவத்துக்கு ஜனவரி 20. ஐந்து நாட்கள் சலுகைக்குப் பின் நாளொன்றுக்கு ரூ.10 தாமதக் கட்டணம். மீன்பிடித் தடைக்காலத்தால் பாதிக்கப்படும் குடும்பத்தினர் முதல் பருவக் கல்விக் கட்டணத்தில் பாதியை ஜூலை 31க்குள் செலுத்தலாம். இதற்குச் சலுகை நாட்கள் இல்லை. உடன்பிறந்த இரண்டாவது பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் 10 விழுக்காடு தள்ளுபடி, மூன்றாம் பருவத்தில் கழிக்கப்படும்.

வேன் இல்லாத பிள்ளைகளுக்கு (ரூபாயில்)

| டேர்ம் | கடைசி நாள் | 1–5 | 6–8 | 9–10 |
|---|---|---|---|---|
| முதல் | 30.06.2026, செவ்வாய் | 7,800 | 9,240 | 10,500 |
| இரண்டாம் | 15.10.2026, வியாழன் | 4,350 | 4,980 | 5,700 |
| மூன்றாம் | 20.01.2027, புதன் | 4,350 | 4,980 | 5,700 |
| ஆண்டு மொத்தம் | | 16,500 | 19,200 | 21,900 |

வேனில் வரும் பிள்ளைகளுக்கு (ரூபாயில்)

| டேர்ம் | வேன் மட்டும் | 1–5 | 6–8 | 9–10 |
|---|---|---|---|---|
| முதல் (ஜூன்–செப்டம்பர், 4 மாதம்) | 2,800 | 10,600 | 12,040 | 13,300 |
| இரண்டாம் (அக்டோபர்–டிசம்பர், 3 மாதம்) | 2,100 | 6,450 | 7,080 | 7,800 |
| மூன்றாம் (ஜனவரி–மார்ச், 3 மாதம்) | 2,100 | 6,450 | 7,080 | 7,800 |
| ஆண்டு மொத்தம் | 7,000 | 23,500 | 26,200 | 28,900 |

இந்தத் தொகைகளில் கல்விக் கட்டணம், தேர்வு, புத்தகம், நோட்டு எல்லாம் அடக்கம். வேனில் வரும் பிள்ளைகளுக்கும் கடைசி நாள் அதேதான்.

பத்தியில் இரண்டாம் டேர்முக்குத் தேதி இல்லை. பள்ளி என்றைக்குத் திறக்கும் என்று பார்த்து நாமே எண்ணிக்கொள்ள வேண்டிய நிலை. அலுவலகத்தில் கேட்டபோது அக்டோபர் 15 என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். விடுமுறை ஒரு நாள் முன்பின் ஆனாலும் இந்தத் தேதி மாறாது.

சலுகை நாட்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஜூன் 30க்குப் பின் ஐந்தாவது நாள் ஜூலை 5, ஞாயிற்றுக்கிழமை. அன்று கவுண்டர் கிடையாது. அதனால் ஜூலை 6 திங்கள்கிழமை கட்டினாலும் அபராதம் போட மாட்டார்கள். மற்ற இரண்டு டேர்முக்கும் சலுகை முறையே அக்டோபர் 20, ஜனவரி 25 அன்று முடிகிறது. ஜனவரி 26 குடியரசு தினம். "அன்று லீவுதானே, 27ஆம் தேதி கட்டிக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு நாள் அபராதம் சேர்ந்துவிடும்.

ஜூன் மாதச் சுமை

அட்டவணை போட்ட பிறகுதான் இது கண்ணில் பட்டது. 40 விழுக்காடு என்று பத்தியில் படிக்கும்போது பெரிதாகத் தெரியவில்லை. புத்தகமும் நான்கு மாத வேன் காசும் சேர்ந்தால், ஆண்டு முழுவதற்குமான பணத்தில் பாதியை நெருங்கும் தொகை ஜூனிலேயே போய்விடுகிறது. நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டு மாதம் படகு கரையில் நிற்கும். வலை, இன்ஜின், பெயிண்ட் என்று செலவுதான் நடக்கும், வரவு இருக்காது. ஜூன் 15க்குப் பின் முதல் நடைகளில் வரும் பங்குக் காசும் பாதி பழைய கடனுக்கே போகும். ஜூலை 31 வரை பிரித்துக் கட்டலாம் என்ற வரியைப் பத்தியின் கடைசிப் பகுதியில் போட்டிருக்கிறார்கள். நம்மில் பலருக்கு அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

பிரித்துக் கட்டுவோருக்கான முதல் டேர்ம் கணக்கு இது:

| வகுப்பு | ஜூன் 30க்குள், வேன் இல்லாமல் | ஜூன் 30க்குள், வேனுடன் | ஜூலை 31க்குள் (வெள்ளி) |
|---|---|---|---|
| 1–5 | 5,100 | 7,900 | 2,700 |
| 6–8 | 6,120 | 8,920 | 3,120 |
| 9–10 | 6,900 | 9,700 | 3,600 |

வேன் காசையும் பிரிக்கலாமா என்று கேட்டுப் பார்த்தோம். முடியாது என்றார்கள், வேன் ஒப்பந்தக்காரருக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறதாம்.

யாருக்கெல்லாம் இது பொருந்தும் என்பதும் பத்தியில் தெளிவாக இல்லை. விசைப்படகில் போகிறவர்கள் மீனவர் நலவாரிய அட்டை நகலுடன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், கருவாடு போடும் பெண்கள், மீன் ஏற்றும் வண்டிக்காரர்கள் ஆகியோருக்கும் உண்டு. அட்டை இல்லாவிட்டால் வேலை கொடுப்பவரோ மீனவர் சங்கமோ தரும் கடிதம் போதும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் அந்தக் குடும்பங்களுக்கு இல்லை என்றார்கள். இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த ஆண்டுக்கு அப்படித்தான்.

மனு கொடுக்க முதலில் ஜூன் 15 என்று தேதி குறித்திருந்தார்கள். அன்றைக்கு ஜெட்டியில் டீசல் பிடிக்கவும் ஐஸ் ஏற்றவுமே நேரம் சரியாக இருக்கும், எந்த அப்பா பள்ளிக்கு வருவார்? சொன்ன பிறகு ஜூன் 22 திங்கள்கிழமை என்று மாற்றிவிட்டார்கள். அம்மாவோ தாத்தா பாட்டியோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டாவது பிள்ளைக்குத் தள்ளுபடி

தள்ளுபடி கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். வேனுக்கும் புத்தகத்துக்கும் கிடையாது. மூத்தது 8ஆம் வகுப்பு, இளையது 4ஆம் வகுப்பு, இரண்டும் நடந்தே வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இளைய பிள்ளையின் 13,500க்கு 10 விழுக்காடு 1,350. ஜூனிலும் அக்டோபரிலும் முழுத் தொகை கட்ட வேண்டும்; ஜனவரியில் 4,350க்குப் பதிலாக 3,000. அப்படியானால் இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து ஜூனில் 17,040, அக்டோபரில் 9,330, ஜனவரியில் 7,980. மூன்றாம் டேர்ம் ரசீது போடும்போது தள்ளுபடியை நீங்களே நினைவுபடுத்துங்கள். கம்ப்யூட்டரில் தானாகக் கழியாது.

கவுண்டர் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9:30 முதல் மதியம் 1 மணி வரை. ரசீதில் கல்விக் கட்டணம், தேர்வு, புத்தகம், வேன் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டணத்தைக் குழு ஒன்றுதான் நிர்ணயிக்கிறது. பின்னால் ஏதாவது கேள்வி வந்தால், ஒரே தொகையாகப் போட்ட ரசீதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. பிரித்துக் கட்டுகிறவர்கள் ஜூன் ரசீதின் பின்பக்கத்தில் "மீதி ஜூலை 31" என்று எழுதி, அலுவலக முத்திரையும் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகம்