ஜூனியர் டெக்னிக்கல் அனிமேட்டர் பணிக்கான விண்ணப்பக் கடிதம்

வணக்கம்.

உங்கள் ஸ்டுடியோவில் ஜூனியர் டெக்னிக்கல் அனிமேட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். கடந்த ஒன்றரை வருடமாக ஒரு சிறிய கேம் குழுவில் ஒப்பந்த முறையில் ரிக்கிங்கும், அதற்கு வேண்டிய பைத்தான் ஸ்கிரிப்ட் வேலையும் பார்த்தேன். போன மாதத்தோடு அந்த கேம் முடிந்தது. மாயாவில் ரிக் செய்து யூனிட்டியில் ஓட்டுவோம். மொத்தம் ஆறு கேரக்டர்கள்: மனிதர்கள் நான்கு பேர், நாலுகால் மிருகம் ஒன்று, பறவை ஒன்று. எலும்பு வைப்பதிலிருந்து ஸ்கின் வெயிட் தீட்டுவது வரை ஆறையும் நானே செய்தேன்.

முதல் கேரக்டரில் ஒரு தவறு செய்தேன். அதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன் என்பதால் சொல்கிறேன். மாயாவில் டூயல் குவாட்டர்னியன் ஸ்கின்னிங் வைத்திருந்தேன். மணிக்கட்டை எவ்வளவு திருப்பினாலும் கை பருமன் குறையாமல் அழகாக இருந்தது. யூனிட்டியில் ஏற்றியதும் அதே மணிக்கட்டு, பிழிந்த துணி மாதிரி ஒடுங்கிவிட்டது. அங்கே ஸ்கின்னிங் லீனியர் முறையில் நடக்கிறது. என் திரையில் பார்த்த கை கேமில் இல்லவே இல்லை. முன்கையில் மூன்று ட்விஸ்ட் எலும்புகள் சேர்த்து, திருகலை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிரித்துக் கொடுத்து வெயிட்டை மறுபடி தீட்டினேன். அன்றிலிருந்து எந்த ரிக்கையும் கேமுக்குள் ஓட்டிப் பார்க்காமல் அனிமேட்டர் கையில் கொடுத்ததில்லை. ஒரு வெர்டெக்ஸை நான்கு எலும்புகளுக்கு மேல் இழுக்கிறதா என்று தேடி, அந்த இடங்களைத் திரையில் செலக்ட் செய்து காட்டும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றும் அப்போதுதான் எழுதினேன்.

நான் அதிக நாள் செலவழித்தது ஐகே-எஃப்கே மாற்றத்தில். அனிமேட்டர்கள் பொத்தானை அழுத்தியதும் கை ஒரு ஃபிரேமில் துள்ளக் கூடாது. தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றின் இடத்தையும் வைத்து போல் வெக்டர் எங்கே நிற்க வேண்டும் என்று கணக்கிட்டேன். ஓட்டம், தாவல் எல்லாவற்றிலும் சரியாக வந்தது. ஏணி ஏறும் அனிமேஷனில் மட்டும் முழங்கை திடீரென்று பின்பக்கம் புரண்டது. எங்கள் அனிமேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்தபோதுதான் விளங்கியது: கை முழுசாக நீளும்போது மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுகின்றன, முழங்கை எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்பதற்கு அந்தக் கணக்கில் விடையே கிடையாது. ரிக் கட்டும்போதே முழங்கை மடங்கும் அச்சைச் சேமித்து வைத்து, கை நேராகும் ஃபிரேம்களில் அதை எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். அதற்குப் பிறகு புரளவில்லை. இக்கடிதத்துடன் இணைத்திருக்கும் ரிக் வீடியோவின் இரண்டாவது நிமிடத்தில் அந்த ஏணி ஷாட்டை, திருத்தத்துக்கு முன்பும் பின்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

அப்புறம் எக்ஸ்போர்ட். ரெஃபரன்ஸ் ரிக்கில் செய்த அனிமேஷன் என்பதால் எலும்புப் பெயர்களின் முன்னால் `hero:` ஒட்டிக்கொண்டு வரும். யூனிட்டியில் எலும்புக்கூடு பொருந்தாது. அனிமேட்டர்கள் ஒவ்வொரு கிளிப்பையும் கையால் பேக் செய்து, பெயர் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் ஒரே பொத்தானில் முடிக்கும் கருவி செய்தேன். 64 கிளிப்புகளை மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய ஒரு முழு நாள் போய்க்கொண்டிருந்தது. கருவி வந்த பிறகு இருபது நிமிடம். கிளிப்பில் ரூட் எலும்பு நகர்ந்திருக்க வேண்டிய இடத்தில் நகராமல் இருந்தால் அனுப்பும் முன்பே எச்சரிக்கும். அதன் செய்திகளைத் தமிழிலேயே எழுதியிருந்தேன், குழுவில் எல்லோருக்கும் அது எளிதாக இருந்தது.

செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். முகத்துக்கான ரிக்கை வீட்டில் பயிற்சியாகச் செய்திருக்கிறேன், வெளியான கேமில் செய்ததில்லை. சி ஷார்ப்பில் சின்னச் சின்ன எடிட்டர் கருவிகள் எழுதுவேன். பெரிய சிஸ்டம் எழுதிய அனுபவம் இல்லை. உங்கள் விளம்பரத்தில் கேட்டிருக்கும் மிருக ரிக்குகள்தான் நான் மேலும் ஆழமாகப் போக விரும்பும் இடம். எங்கள் நாலுகால் மிருகத்தின் தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் வழுக்கிப் போவதை மூன்று முறை கட்டிப் பிரித்துக் கட்டினேன், இன்னும் முழுத் திருப்தி இல்லை.

சிறிய ஸ்டுடியோவைத் தேடி வருவதற்கும் காரணம் உண்டு. மாடல் செய்பவர், அனிமேட்டர், புரோகிராமர் மூவரும் எட்டிப் பேசும் தூரத்தில் இருக்கும்போதுதான் என் வேலை நன்றாக நடக்கிறது. ஏணிச் சிக்கல் அரை நாளில் தீர்ந்ததும் அதனால்தான்.

ரிக் வீடியோ, இரண்டு ரிக் கோப்புகள், எக்ஸ்போர்ட் கருவியின் ஸ்கிரிப்ட் மூன்றையும் இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். ரிக்குகளைத் திறந்து எப்படி வேண்டுமானாலும் இழுத்துப் பாருங்கள். எங்காவது உடைந்தால் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். சோதனை வேலை கொடுத்தாலும் செய்கிறேன். அடுத்த வாரத்திலிருந்தே சேர முடியும்.

நன்றி.

இப்படிக்கு,
நிவேதா