பொருள்: 31.08.2025 கூட்டக் குறிப்பும் அடுத்த கூட்டத்திற்கான முன்மொழிவும்

மதிப்பிற்குரிய கண்மாய்ப் பாசனதாரர் சங்க உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்ச் சாவடியில் நடைபெற்ற கூட்டத்தின் குறிப்பை, வெளியூரில் இருக்கும் உறுப்பினர்களும் அறியும்பொருட்டு இதன்வழி அனுப்புகிறேன்.

வரத்துக்கால்வாயில் மண்டியுள்ள சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றுவதென ஒருமனதாக முடிவானது. கீழ மடையின் ஷட்டர் குறித்தே பெரும்பகுதி நேரம் பேசப்பட்டது. திருகுக் கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டதால் இரண்டு பேர் கடப்பாரை கொண்டு நெம்பினால்தான் பலகை மேலே வருகிறது. இறக்கிய பின்னும் அடியில் தண்ணீர் கசிவதை நேரில் பார்த்துவிட்டே சாவடிக்கு வந்தோம். பழையதைப் பழுதுபார்ப்பதா, புதிதாக மாற்றுவதா என்பதில் கருத்தொற்றுமை ஏற்படாததாலும், கையில் விலைப்புள்ளி ஏதும் இல்லாததாலும், முடிவு எடுக்கப்படாமல் ஒத்திவைக்கப்பட்டது. இரு வேலைகளுக்கும் தனித்தனியே விலைப்புள்ளி வாங்கி வரும் பொறுப்பைப் பொருளாளர் ஏற்றுள்ளார்.

எனவே, அடுத்த கூட்டத்தை வரும் 07.09.2025 ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு அதே சாவடியில் வைத்துக்கொள்ளலாம் என முன்மொழிகிறேன். ஒரு வார இடைவெளி குறைவு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆயினும், மேலூர்ப் பகுதியின் ஒருபோகப் பாசனத்திற்கு வைகை அணையிலிருந்து செப்டம்பர் 15-ஐ ஒட்டித் தண்ணீர் திறப்பது வழக்கமாக இருப்பதால், பெரியாறு கால்வாய் வழியே கண்மாய்க்கு நீர் வந்து சேர்ந்துவிட்டால் மடைக்குள் ஆள் இறங்கி வேலை பார்க்க இயலாது. அதன்பின் அடுத்த கோடை வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். கூட்ட நாளன்று இரவு சந்திர கிரகணம் என்பதால் மாலை நேரத்தைத் தவிர்க்குமாறு பெரியவர்கள் கேட்டுக்கொண்டதும் நேரத்தைக் குறிப்பதில் கருத்தில் கொள்ளப்பட்டது.

இக்கூட்டத்தின் நோக்கம் ஒன்றே: விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு ஷட்டர் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்வதும், அதற்கான தொகையை ஏக்கர் வரி முறையில் பிரிப்பதா, சங்க இருப்பிலிருந்து எடுப்பதா என்று தீர்மானிப்பதும் ஆகும். மீன்பாசிக் குத்தகைப் பாக்கியை இதே நாளில் எடுத்தால் பேச்சு அதிலேயே முடிந்துவிடும் என்பது நாம் அறியாததல்ல. அதற்கெனத் தனியாக ஒரு நாள் குறிப்போம்.

இந்த நாள் ஒத்துவராதவர்கள் 03.09.2025 புதன்கிழமைக்குள் இம்மின்னஞ்சலுக்குப் பதில் எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். பலருக்கு இயலாது எனில் 06.09.2025 சனிக்கிழமை அதே நேரத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் தள்ளுவது உசிதமன்று. விலைப்புள்ளிகளின் நகல் வியாழக்கிழமை அனைவருக்கும் அனுப்பப்படும். கீழ மடைப் பாசனதாரர்கள் தவறாமல் நேரில் வர வேண்டும். வர இயலாத வெளியூர் உறுப்பினர்கள் தங்கள் கருத்தை எழுத்தில் அனுப்பினால் கூட்டத்தில் வாசித்துப் பதிவு செய்யப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்,
கண்மாய்ப் பாசனதாரர் சங்கம்
01.09.2025