பில் கணக்கில் நேர்ந்த பிழை: நோயாளிகளுக்கும் தோட்டத்துக் குடும்பங்களுக்கும் கிளினிக் மேலாளரின் மன்னிப்பு அறிக்கை

சுங்கை சிப்புட், 22 செப்டம்பர் 2025

ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம்.

இம்மாதம் 1ஆம் தேதி முதல் 13ஆம் தேதி வரை எங்கள் கிளினிக் கொடுத்த பில்களில் 47 பில்லில் மருந்துத் தொகை இரண்டு தடவை ஏறியிருக்கிறது. கூடுதலாகக் கட்டிய ஒவ்வொருவரிடமும் மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் பால்வெட்டுக்குப் போகும் ஓர் அம்மா வந்து, இரண்டு ரசீதுகளை என் மேசைமேல் நீவி விரித்து வைத்தார். இனிப்புநீருக்கு மாதா மாதம் வாங்கும் அதே மாத்திரை. ஆகஸ்டில் 96 வெள்ளி, இம்மாதம் 164 வெள்ளி. இடையில் உள்ள 68 வெள்ளி சின்னத் தொகை இல்லை. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு நாள் கூலி 65 வெள்ளிச் சொச்சம்தான். இருட்டோடு எழுந்து நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டிய ஒரு முழு நாள், தீபாவளிக்குக் காசு சேர்க்கும் நேரத்தில் போயிருக்கிறது. அவர் அன்றைக்கே கவுண்டரில் கேட்டிருக்கிறார். "கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா வருது" என்று பதில் வந்திருக்கிறது. தொகையைவிட அந்தப் பதில்தான் என்னை அதிகம் வருத்துகிறது. கேட்டவுடன் பில்லைப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். இனி ஒவ்வொரு மருந்தின் விலையும் தனி வரியில் அச்சாகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மருந்தின் அளவில் எந்த மாற்றமும் இல்லை, தொகை மட்டும்தான் இரட்டிப்பானது. பயந்து மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

பிழை மென்பொருளில் நுழைந்ததா, பதிவு செய்யும்போது நேர்ந்ததா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். அது முடியுமுன் யார்மீதும் பழி போடுவது நியாயமில்லை. ஆகவே இந்த மன்னிப்பையும் திருப்பித் தரும் பணத்தையும் கிளினிக் சட்டப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகக் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதேபோல, பணத்தை வாங்கிக்கொள்வதால் உங்கள் உரிமை எதுவும் குறையாது. இனிப் புகார் செய்யமாட்டேன் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துக் கேட்கமாட்டோம்.

கூடுதல் பணம் முழுவதும் ரொக்கமாகத் திருப்பித் தரப்படும். அடையாள அட்டை போதும். ரசீது தொலைந்திருந்தாலும் எங்களிடம் நகல் இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பஸ் செலவு செய்து வரமுடியாதவர்களுக்காக, 28ஆம் தேதி ஞாயிறு காலை 9 மணியிலிருந்து தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நானே பணத்தோடு இருப்பேன். நவராத்திரி பூஜை வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓர் ஓரமாக மேசை போட்டுக்கொள்ளத் தலைவர் சம்மதித்திருக்கிறார். எஸ்டேட் ஆபீஸ் கடிதத்தோடு வந்து மருந்து வாங்கியவர்களுக்குச் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்காதபடி சரியான தொகையை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டோம். நோயின் பெயரோ மருந்தின் பெயரோ அதில் இல்லை.

எங்கள் விளக்கத்தில் திருப்தி இல்லையென்றால் மாநிலச் சுகாதார இலாகாவில் புகார் கொடுக்கலாம். கடிதம் எழுத உதவி தேவைப்பட்டால் கவுண்டரில் என்னைக் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
கிளினிக் மேலாளர்