உப்பளத் தொழிலாளர் ஆவணப்படம்: கேமரா முன் சொல்லும் ஒப்புதல் உரை

பேட்டி தருபவர் கவனத்துக்கு

கேமராவை ஓடவிடுவதற்கு முந்தைய நாளே இந்த உரையை எங்கள் குழுவில் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து முழுமையாக வாசித்துக் காட்டுவார். வீட்டாரிடமும் உங்களுக்கு நம்பிக்கையானவர்களிடமும் கலந்து பேசிவிட்டு மறுநாள் முடிவைச் சொன்னால் போதும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் ஒவ்வொரு பத்தியாகக் கேட்டுத் தங்கள் சொந்தப் பேச்சிலேயே திருப்பிச் சொல்லலாம். எங்களுக்கும் அதுவே மேல், ஏனென்றால் புரியாமல் ஒப்பித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எங்களுக்கு மனமில்லை. ஏதேனும் ஒரு பத்தியில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் அதைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள். சொல்லாமல் விட்டதற்கு அனுமதி கிடைத்ததாக நாங்கள் கொள்ளமாட்டோம்.

வழக்கறிஞர் எழுதித் தந்த ஒன்பது பக்கப் படிவத்தின் இடத்தில் இந்த உரை வருகிறது. எக்காலத்துக்கும், உலகம் முழுவதும், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் அனைத்திலும், திரும்பப் பெற முடியாதவாறு உரிமை தருவதாக அந்தப் படிவத்தில் இருந்த பகுதியை நீக்கிவிட்டோம். சம்மதத்தைத் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ள நெறியையே நாங்கள் பின்பற்றுகிறோம்.

முதலில் உங்கள் பெயரையும் ஊரையும் அன்றைய தேதியையும் சொல்லுங்கள். இந்த ஒப்புதல் பதிவு படத்தில் இடம்பெறாது. அதைத் தனி வன்தட்டில் பூட்டி வைப்போம். ஆகவே, படத்தில் பெயர் வரக்கூடாது என்று நினைப்பவர்களும் தயங்காமல் இங்கே பெயரைச் சொல்லலாம். பிறகு பின்வருமாறு தொடருங்கள்.

ஒப்புதல் உரை

எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது. தூத்துக்குடி வட்டார உப்பளங்களில் வேலை செய்பவர்களின் வாழ்க்கையைப் பற்றி எடுக்கப்படும் ஆவணப்படத்துக்காக இந்தப் பேட்டியைத் தருகிறேன். உப்பு வாருவது, சுமப்பது, கூலி, முன்பணம், வெயிலிலும் வெண்மையிலும் நாள் முழுவதும் நிற்பதால் கண்ணுக்கும் தோலுக்கும் வரும் தொந்தரவுகள், மழைக்காலத்தில் வேலை நின்றுபோகும் மாதங்கள் ஆகியவற்றைப் பற்றி என்னிடம் கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு. நடுவில் கேமராவை நிறுத்தச் சொன்னால், காரணம் கேட்காமல் நிறுத்திவிட வேண்டும்.

என்னை யாரும் வற்புறுத்தி இங்கே உட்கார வைக்கவில்லை. குத்தகைதாரரோ, கங்காணியோ, சங்கத்தைச் சேர்ந்தவரோ, வீட்டாரோ, நான் பேசியே ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை, இன்னதைத்தான் பேச வேண்டும் என்றும் சொல்லவில்லை. இந்த உரையை நான் சொல்லும்போது படக்குழுவினரைத் தவிர வேறு யாரும் பக்கத்தில் இல்லை. இன்று அளத்துக்குப் போகாததால் எனக்கு நின்றுபோன ஒரு நாள் கூலிக்காகக் குழுவினர் 600 ரூபாய் தந்திருக்கிறார்கள். அது நான் சொல்லும் பதிலுக்கான விலையல்ல. பாதியில் எழுந்து போனாலும், பிறகு மனம் மாறினாலும் அந்தப் பணத்தை நான் திருப்பித் தர வேண்டியதில்லை. இந்தப் படத்தால் எனக்கு அரசு உதவியோ நலவாரியச் சலுகையோ கிடைக்கும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

(அடுத்து வரும் இரண்டு பத்திகளில் உங்களுக்குப் பொருந்தும் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.)

என் முகத்தையும் குரலையும் பெயரையும் படத்தில் பயன்படுத்தலாம். என்னைத் தெரிந்தவர்கள் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதும், அதனால் வேலையிடத்தில் எனக்குப் பேச்சோ தொல்லையோ வரக்கூடும் என்பதும் எனக்குத் தெரியும். அதை யோசித்துப் பார்த்த பிறகே சொல்கிறேன்.

என் முகத்தைக் காட்டக் கூடாது. என் பெயரைச் சொல்லக் கூடாது. என் குரலையும் மாற்றித்தான் ஒலிபரப்ப வேண்டும். முகத்தை மட்டும் மறைத்தால் போதாது என்பதால், கையில் உள்ள தழும்பு, பச்சை, வளையல், நான் வழக்கமாகக் கட்டும் தலைத்துணி, என் வீட்டு வாசல், நான் வேலை செய்யும் அளத்தின் பெயர்ப்பலகை போன்றவையும் படத்தில் வரக் கூடாது. நான் பேசும் காட்சியைப் பின்னாலிருந்தோ நிழலாகவோ எடுக்கலாம்.

பேச்சு வேகத்தில் குத்தகைதாரர், கங்காணி, உடன் வேலை செய்பவர்கள், பக்கத்து வீட்டார் ஆகியோரின் பெயரை நான் சொல்லிவிட்டால், அந்த இடத்தில் ஒலியை நீக்கிவிட வேண்டும். அவர்களுக்காக நான் சம்மதம் தர முடியாது. என் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது. என் மருத்துவச் சீட்டையோ, ஆதார் அட்டையையோ, வங்கிப் புத்தகத்தையோ கேமரா முன் காட்டும்படி கேட்கக் கூடாது. தற்செயலாகக் காட்சியில் வந்துவிட்டால் மறைத்துவிட வேண்டும்.

என் பேட்டிப் பதிவை ஏறத்தாழ 70 நிமிடம் ஓடும் இந்த ஆவணப்படத்திலும், அதற்கான முன்னோட்டத்திலும், கல்லூரிகளிலும் திரைப்பட விழாக்களிலும் நடக்கும் திரையிடல்களிலும், பிறகு இணையத்தில் படம் வெளியாகும்போதும் பயன்படுத்த அனுமதிக்கிறேன். இணையத்தில் போட்டபின் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் பரப்பலாம் என்பதும், அப்படிப் பரவியதைக் குழுவினரால் முழுமையாகத் திரும்பப் பெற முடியாது என்பதும் எனக்கு விளக்கப்பட்டது. விளம்பரத்துக்கோ, தேர்தல் பிரசாரத்துக்கோ, வேறு படத்துக்கோ, செய்தித் தொலைக்காட்சிக்கோ இதைத் தர வேண்டுமென்றால், என்னிடம் வந்து மறுபடியும் தனியாகக் கேட்க வேண்டும். வெட்டாத முழுப் பதிவை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது.

நீளம் கருதி என் பேச்சை வெட்டலாம். வேறு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குப் பதிலாக ஒட்டக் கூடாது. என் குரலைப் போலவே செயற்கையாக ஒரு குரலை உருவாக்கி, நான் சொல்லாததைச் சொன்னதாகவும் காட்டக் கூடாது. இங்கிலீஷில் துணைத்தலைப்பு போடும்போது, நான் சொன்னதன் பொருள் மாறாமல் இருக்கிறதா என்பதைத் தூத்துக்குடிப் பேச்சு தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

படம் முடிவாகும் முன், அளத்தில் மழையால் வேலை நின்றிருக்கும் 2026 நவம்பர் மாதத்தில், என் பகுதியை எங்கள் ஊரிலேயே எனக்குப் போட்டுக் காட்டுவார்கள். அதைப் பார்த்த பிறகு ஒரு பகுதியையோ முழுவதையுமோ நீக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. 2026 டிசம்பர் 31 வரை நான் நேரில் சொன்னாலும், தொலைபேசியில் சொன்னாலும், என் மகனோ மகளோ என் சார்பில் குறுஞ்செய்தி அனுப்பி நான் அதைத் தொலைபேசியில் உறுதிசெய்தாலும் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு முடிந்த படத்திலிருந்து என்னை வெட்டுவது கடினம் என்பதைப் புரிந்துகொண்டேன். ஆனால் படத்தால் எனக்கோ குடும்பத்துக்கோ ஆபத்து வந்தால், எந்தத் தேதியானாலும் குழுவினர் தங்கள் இணையப் பக்கத்திலிருந்து படத்தை இறக்கி, என் பகுதியை மறைத்த பிறகே மறுபடி வெளியிட வேண்டும்.

என் பேட்டி இரண்டு வன்தட்டுகளில் இருக்கும். படம் வெளியாகி மூன்று ஆண்டுகள் ஆனதும் என்னிடம் கேட்டு, நான் வேண்டாம் என்றால் அழித்துவிடுவார்கள். அப்போது என்னைத் தேடிப் பிடிக்க முடியாவிட்டால், வைத்துக்கொள்ளாமல் அழித்துவிட வேண்டும்.

இவ்வளவையும் சொன்னதால், சட்டப்படி எனக்குள்ள எந்த உரிமையையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கு என்று வந்தால் அதைத் தூத்துக்குடியிலேயே நடத்தலாம். சென்னைக்கு நான் அலைய வேண்டியதில்லை. இந்த உரையின் எழுத்துப் பிரதி ஒன்றும், குழுவினரின் முகவரியும் இரண்டு தொலைபேசி எண்களும் எழுதிய தாளும் என் கையில் இருக்கின்றன. இதோ, அவற்றைக் கேமராவுக்குக் காட்டுகிறேன். எனக்கு இருந்த சந்தேகங்களைக் கேட்டுத் தெளிந்துகொண்டேன். பேட்டியைத் தொடங்கலாம்.