பொட்டாசியம் நைட்ரேட்டின் கரைதல் என்தால்பி: ஆய்வகப் பதிவு

நோக்கம்: பொட்டாசியம் நைட்ரேட் நீரில் கரையும்போது உறிஞ்சும் வெப்பத்தைக் கப் கலோரிமீட்டரில் அளந்து, ஒரு மோலுக்கான ΔH-ஐக் கணக்கிடுதல்.

அமைப்பு: ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு தெர்மாகோல் கப்புகள், சாயாமலிருக்க அவற்றைத் தாங்கும் 250 mL பீக்கர், நடுவில் துளையிட்ட அட்டை மூடி, 0.1 °C பிரிவுள்ள தெர்மாமீட்டர், கண்ணாடிக் கலக்கி.

முதல் முயற்சி வீணாயிற்று. உப்பை அரைக்காமல் போட்டதால் பருமனான படிகங்கள் அடியிலேயே தங்கிவிட்டன. வெப்பநிலை எங்கே நிற்கிறது என்றே சொல்ல முடியாதபடி மெல்ல மெல்ல இறங்கியது. மறுமுறை உப்பை உலர்ந்த கல்வத்தில் மாவாக்கிய பிறகே எடை போட்டேன்.

செய்முறை: கப்பில் 100.0 g காய்ச்சி வடித்த நீர். முதல் மூன்று நிமிடமும் 28.4 °C, அசையவில்லை. நான்காம் நிமிடத்தில் 10.11 g உப்பை ஒரே வீச்சில் கொட்டி, மூடி, நிறுத்தாமல் கலக்கினேன்.

காட்சிப் பதிவு (நிமிடம் : °C)
4.5 : 23.6
5 : 21.9
5.5 : 21.5
6 : 21.4
7 : 21.5
8 : 21.6
9 : 21.7
10 : 21.8

மிகக் குறைந்த அளவீடு 21.4. ஆனால் உப்பு கரைந்து முடிவதற்குள்ளேயே அறையின் வெப்பம் கப்புக்குள் புகத் தொடங்கிவிடுகிறது. ஆகவே உண்மையான வீழ்ச்சி இதைவிடச் சற்று அதிகம். ஆறாம் நிமிடத்துக்குப் பின் நிமிடத்துக்கு 0.1 °C ஏறும் நேர்கோட்டை நான்காம் நிமிடம் வரை பின்னோக்கி நீட்டினால் 21.2 °C கிடைக்கிறது.

கணக்கீடு:
ΔT = 28.4 − 21.2 = 7.2 °C
கரைசலின் நிறை m = 100.0 + 10.11 = 110.1 g
q = m c ΔT = 110.1 × 4.18 × 7.2 ≈ 3310 J = 3.31 kJ
n = 10.11 / 101.1 = 0.1000 mol
ΔH = +3.31 / 0.1000 = +33.1 kJ/mol

கரைசல் குளிர்ந்தது, அது இழந்த வெப்பத்தை உப்பு எடுத்துக்கொண்டது. இது வெப்பம்கொள் மாற்றம் என்பதால் குறி கூட்டல். இந்த இடத்தில்தான் பலரும் கழித்தல் குறி போட்டு மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள்.

பிழை ஆய்வு: ஏற்கப்பட்ட மதிப்பு +34.9 kJ/mol, என் விடை 5.2% குறைவு. இரு வெப்பநிலைகளிலும் ±0.1 °C பிழை இருந்தால் ΔT-யில் ±0.2 °C, அதாவது ஏறத்தாழ 2.8%. அது மட்டும் இந்த இடைவெளியை நிரப்பாது. கப்பும் தெர்மாமீட்டரும் கலக்கியும்கூடக் குளிர்ந்தன, அவை கொடுத்த வெப்பம் கணக்கில் வரவில்லை. அது விடையைக் குறைத்துக் காட்டும். மறுபக்கம், கரைசலுக்கு நீரின் 4.18 J/g °C-ஐயே போட்டிருக்கிறேன். உப்புக் கரைசலின் தன்வெப்ப ஏற்புத்திறன் அதைவிடக் குறைவு. சரியான எண்ணைப் போட்டால் விடை இன்னும் இறங்கும். ஆக, கப்பின் பங்கு 5.2% காட்டுவதைவிடப் பெரிது. அடுத்த முறை, தெரிந்த வெப்பநிலையுள்ள வெந்நீரை இதே கப்பிலுள்ள குளிர்நீரோடு கலந்து, முதலில் கப்பின் வெப்ப ஏற்புத்திறனை அளந்துவிட வேண்டும்.