காணும் பொங்கல் காலையில் அப்பத்தாவின் வாழ்த்து

இருங்கள், இருங்கள். நான் கிழக்கே பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். திருநீற்றுச் சம்புடத்தை வலப்பக்கம் வை. சுருக்குப்பை மடியிலேயே இருக்கிறது. இடது கால் வீங்கியிருக்கிறது, அழுத்திப் பிடிக்காதீர்கள். விரலைத் தொட்டால் போதும். யாரும் அவசரப்படுத்தக் கூடாது. மஞ்சுவிரட்டுக்கு நேரமாகிறது என்று மூக்கால் அழக் கூடாது. ஒவ்வொருவருக்கும் நிதானமாகத்தான் சொல்லுவேன்.

தலைப்பொங்கல்காரர்கள் முதலில் வாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே விழுங்கள். நல்லா இருங்கள். மகராசனாய், மகராசியாய் இருங்கள். ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழுங்கள். எழுந்திருக்கலாம், ஆனால் போய்விடாதே அய்யா, இன்னும் முடியவில்லை. இப்படி என் முன்னால் உட்காருங்கள்.

நேற்று மாட்டைக் குளிப்பாட்டப் போனபோது கண்மாய்க்கரை ஆலமரத்தைப் பார்த்தீர்களே. நடுத்தண்டு பொக்கையாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. விழுதெல்லாம் இறங்கித் தூணாக நின்று மரத்தைத் தாங்குகிறது. உங்கள் குடும்பம் அப்படித் தழைக்கட்டும். அருகம்புல் கோடையில் கருகிக் கண்ணுக்கே தெரியாமல் போகும். ஒரு மழை விழட்டும், கணுவுக்குக் கணு பச்சை விடும். கையில் காசு நிற்காத மாதம் உங்களுக்கும் வரும். அந்த மாதத்திலும் வேர் பட்டுப்போகாமல் இருக்கட்டும். மூங்கில் ஒற்றையாக வளராது ஆத்தா, புதராகத்தான் வளரும். நீ பிறந்த வீட்டை விட்டு வந்தவள். உன் அப்பாவும் அம்மாவும் இந்தப் புதருக்குள் சேர்த்திதான். அவர்கள் வந்தால் இவன் முகம் மலரட்டும்.

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழுங்கள். சிரிக்காதே, பதினாறு பிள்ளை இல்லை. விரல் விட்டு எண்ணிக்கொள். கல்வி, புகழ், வலிமை, வெற்றி, நல்ல பிள்ளைகள், பொன், நெல், நல்லூழ், நுகர்ச்சி, அறிவு, அழகு, பெருமை, இளமை, துணிவு, நோயில்லாத உடம்பு, நீண்ட ஆயுள். பதினாறு ஆயிற்றா? பிள்ளை இதில் ஒன்றுதான். அது எப்போது வருமோ அப்போது வரட்டும், வருஷம் எண்ணி யாரும் உன்னைக் கேட்காமல் இருக்கட்டும். நுகர்ச்சி என்றால் இருப்பதை அனுபவிக்கிற கொடுப்பினை. கூறைப்புடவையைப் பெட்டியில் பூட்டிவைத்து ஒருமுறைகூடக் கட்டிப் பார்க்காமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீ கட்டு. சாயம் போனாலும் போகட்டும், கட்டு.

தீர்க்க சுமங்கலியாய் இரு என்று பெண்ணுக்குச் சொல்லுவார்கள். நானும் சொல்கிறேன், இரு. ஆனால் அது புருஷனுடைய ஆயுளைக் கேட்கிற வாழ்த்து. எனக்கும் ஊரே கூடி அதைத்தான் சொன்னது. உன் தாத்தா 41 வயதில் போய்விட்டார். அதனால் உன் பேருக்கென்று தனியாக ஒன்று கேட்கிறேன். அவனுக்கும் நூறு வயது, உனக்கும் நூறு வயது. பல்லெல்லாம் கொட்டியபிறகு இரண்டு பேரும் இதே திண்ணையில் உட்கார்ந்து, கரும்பைக் கடிக்க முடியவில்லையே என்று சண்டை போடுங்கள். இந்தா, வெற்றிலையோடு 101 ரூபாய். அந்த ஒற்றை ரூபாயைச் செலவழிக்காதே, அதிலிருந்துதான் மேலே வளரும்.

ஏய், நீ குனியாதே! ஏழு மாத வயிற்றோடு என்ன விழுதல்? நின்றபடியே கும்பிடு, பிள்ளைத்தாய்ச்சி கும்பிட்டால் நின்ற இடத்திலிருந்தே வந்து சேர்ந்துவிடும். கிட்டே வா, வயிற்றைத் தொட்டுக்கொள்கிறேன். பூப்போலப் பெற்றுப் பிழைத்து வா ஆத்தா. தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று இரண்டு உயிரும் சுகமாக இருக்கட்டும். சுகப்பிரசவமானாலும் சரி, ஆபரேஷன் ஆனாலும் சரி, நீ கண் விழித்துப் பார்க்கும்போது பிள்ளை உன் பக்கத்தில் கிடக்கட்டும். ஆணோ பெண்ணோ, நெஞ்சு நிறையப் பால் சுரக்கட்டும். முதல் முதலாக உன் அம்மா கையில் கொடுங்கள். அடுத்தது எனக்கு.

அடுத்து யார், பிளஸ் டூவா? நல்லா இரு அய்யா. மார்ச்சில் உட்கார்ந்து எழுதும்போது படித்ததெல்லாம் வரிசையாக வந்து நிற்கட்டும். பேனா தடுமாறாமல் ஓடட்டும். கேள்வித்தாளைப் பார்த்ததும் பதறாதே, பிள்ளையார்பட்டிக்காரர் துணைக்கு இருக்கிறார். மார்க் குறைந்தால் நேரே என்னிடம் வா, உன் அப்பனிடம் நான் பேசிக்கொள்கிறேன். நெற்றியைக் காட்டு. துடைக்காதே, வியர்வையோடு தானாகப் போகட்டும்.

பெங்களூர்க்காரியே, வா. எல்லோரும் உனக்கு இந்த வருஷமாவது கல்யாணம் ஆகட்டும் என்று வாழ்த்திவிட்டார்கள், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன் மனசுக்குப் பிடித்த நாளில் பிடித்தபடி அது நடக்கட்டும். நான் உனக்குத் தூக்கத்தைக் கேட்கிறேன். நைட் ஷிப்ட் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே கரியைத் தடவினாற்போல் இருக்கிறது. படுத்ததும் கண் அசரட்டும். விடிந்ததும் பசி எடுக்கட்டும். நீ சம்பாதித்த காசு உன் கையில் தங்கட்டும். எங்கே போனாலும் தலை நிமிர்ந்து போ, தலை நிமிர்ந்து வா.

அட, இந்தச் சிட்டு எங்கிருந்து வந்தது? விழத் தெரியாமல் உருண்டுவிட்டாயே தங்கம். மடிக்கு வா. ஆயுசு நூறு. உச்சி குளிரட்டும். பத்து ரூபாய் வேண்டுமா, இருபது ரூபாய் வேண்டுமா? இரண்டையும் எடுத்துக்கொள். மிட்டாயில் பாதி அண்ணனுக்கு.

சிங்கப்பூருக்கு எப்போது விமானம், வியாழக்கிழமையா? அதற்கு முன்னால் இன்னொரு தடவை வந்து விழு, இது பொங்கலுக்கு, அது பயணத்துக்கு. போன காரியம் ஜெயமாகட்டும் அய்யா. கை நிறையச் சம்பாத்தியமும், வாய்க்கு ருசியான சோறும், நல்ல மனுஷர்களுடைய கூட்டும் கிடைக்கட்டும். உயரத்தில் நின்று செய்கிற வேலை என்றாய். கால் வைக்கிற பலகை உறுதியாக இருக்கட்டும். இடுப்பில் கட்டுகிற பெல்ட்டை மறக்காமல் இருக்கட்டும். உன் கொள்ளுத்தாத்தா, என் மாமனார், ரங்கூனில் கணக்கு எழுதினவர். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார். கூட நடந்த எத்தனையோ பேர் வழியிலேயே காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள் என்று சொல்லி, பேச்சை அதோடு நிறுத்திவிடுவார். அவர் ஊரிலிருந்து கிளம்பிய அன்று காலில் விழுந்ததும் அவருடைய அம்மா, சம்பாதித்து வா என்று சொல்லவில்லையாம். "போன கால் வீடு திரும்பட்டும்" என்றாளாம். அதையே உனக்கும் சொல்கிறேன். போன கால் வீடு திரும்பட்டும். மாதம் முழுக்கப் பணம் அனுப்பாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. வீடியோவில் முகத்தைக் காட்டு, கூரையைக் காட்டாதே.

சின்ன மருமகளே, கரியோடு வந்து விழுகிறாயே, வா. மூன்று நாளாக அடுப்படியிலேயே கிடக்கிறாய். உன் கை வைத்த பானையெல்லாம் பொங்கட்டும். உனக்கும் யாராவது ஒருவர் சூடாக இலை போட்டுப் பரிமாறட்டும். இன்றைக்கே பரிமாறட்டும். டேய், கேட்டாயா?

அந்தக் கதவுப் பக்கம் யார் நிற்பது? என் தங்கச்சி மகளா? ஏன் அங்கேயே நிற்கிறாய்? வா. எல்லோரும் போகட்டும் என்று காத்திருக்கிறாயா? அப்படிக் காத்திருந்தது போதும் மகளே, வா. வழியை விடுங்கள் அவளுக்கு.

நல்லா இரு. நல்லா இரு. அழாதே, முகத்தைத் தூக்கு. உனக்குப் போன ஆடியில் ஆனது எனக்கு 36 வயதில் ஆயிற்று. அதற்கப்புறம் நல்ல காரியத்தில் என் காலில் விழ யாரும் வந்ததில்லை. என் மூத்த மகன் கல்யாணத்தில் தாலியைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் தொட்டுக் கும்பிடக் கொண்டுபோனார்கள். நான் பெற்ற பிள்ளைக்குக் கல்யாணம். தட்டு என் பக்கத்தில் இருந்தவர் வரைக்கும் வந்தது, என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போனது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். போன ஆவணியில் இந்தப் பேரன் மணவறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்து, "அப்பத்தாவிடம் முதலில் கொண்டுபோங்கள்" என்று சத்தம் போட்டான். நான் தொட்டுக் கொடுத்த தாலிதான் இந்தப் பெண் கழுத்தில் கிடக்கிறது.

அதனால் நான் சொல்லுகிற வாழ்த்து உனக்குப் பலிக்கும். உன் பேரிலேயே உன் வீடு நிற்கட்டும். தையல் மிஷின் ஓயாமல் ஓடட்டும், கூலி பாக்கியில்லாமல் வரட்டும். பிடித்த நிறத்தில் புடவை கட்டு, பிடித்தால் பூ வை, பொட்டு வை. பார்க்கிற கண்ணெல்லாம் குளிர்ந்த கண்ணாக இருக்கட்டும். உன் மகன் படித்து ஆளாகட்டும். அவன் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார். தட்டு உன்னிடம் முதலில் வரட்டும், உன் கையால் முதல் அட்சதை விழட்டும். ஆயுசு நூறு மகளே, உனக்கும்தான். இந்தா, திருநீறு. இந்தா, உனக்கும் 101.

சரி, எழுந்திரு. என்னையும் ஒரு கை பிடித்துத் தூக்கு. சிராவயலுக்குப் போகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மாடு வருகிற பாதையில் நிற்காமல் தடுப்புக்கு வெளியே நின்று பாருங்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் வீட்டுக்கு வந்து சேருங்கள்.