தொடங்காமல் விடுவதும் தொடங்கியதை நிறுத்துவதும்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூ. 78 வயது மூதாட்டிக்கு மூளையில் பெரிய ரத்தக்கசிவு. வென்டிலேட்டரில் பதினோராம் நாள். நினைவு திரும்பவில்லை. கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி செய்யக் கையெழுத்துக் கேட்கிறார் மருத்துவர். "மிஷினை எடுத்தா நாமளே கொன்ன மாதிரி ஆயிரும்" என்கிறார் மூத்த மகன். "அம்மா இப்படிக் கிடக்கச் சம்மதிச்சிருக்கவே மாட்டாங்கண்ணே" என்கிறார் மகள்.

இதை உயிரின் புனிதம் பற்றிய சண்டை என்று நினைப்பது தவறு. உயிர் புனிதம் என்பதை எந்த மரபும் மறுக்கவில்லை. சிக்கல் வேறு: ஒரு சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதும், தொடங்கியதை நிறுத்துவதும் ஒன்றா?

கத்தோலிக்க மரபு ஒன்றே என்கிறது. 1957 நவம்பரில் மயக்க மருத்துவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த போப் பன்னிரண்டாம் பயஸ், நோயாளிக்குப் பெரும் சுமையாகிவிட்ட அசாதாரண சிகிச்சை கடமையல்ல, செயற்கைச் சுவாசத்தை நிறுத்தலாம் என்றார். ஆனால் 2004இல் இரண்டாம் ஜான் பால், நிலைத்த உணர்விழப்பில் இருப்பவருக்குக் குழாய்வழி உணவும் நீரும் கொள்கையளவில் சாதாரணப் பராமரிப்பே என்றார். வென்டிலேட்டர் போகலாம், உணவுக்குழாய் போகக்கூடாது! இஸ்லாமிய அறிஞர்களிலும் பலர் ஏறத்தாழ இங்கேதான் நிற்கிறார்கள்: பயனற்ற சிகிச்சை கடமையல்ல, பசியும் தாகமும் வேறு கணக்கு.

யூத மரபு கோட்டை வேறிடத்தில் போடுகிறது. உயிர் பிரியவிடாமல் வெளியே விறகு பிளக்கும் சத்தம் தடுத்தால் அதை நிறுத்தலாம். சாகக் கிடப்பவரின் தலையணையை உருவி மரணத்தை விரைவுபடுத்தக் கூடாது என்றார் 16ஆம் நூற்றாண்டு கிராக்கோவ் நகரின் யூதச் சட்ட அறிஞர் மோசே இசெர்லெஸ். தடையை நீக்குவது வேறு, தள்ளிவிடுவது வேறு. இஸ்ரேலின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இதையே இயந்திரத்துக்குப் பொருத்தியது: தொடர்ந்து நடக்கும் சிகிச்சையை நிறுத்தக்கூடாது, சுற்றுச் சுற்றாக வருவதைப் புதுப்பிக்காமல் விடலாம். ஆகவே குறித்த நேரத்தில் தானே நிற்கும்படி வென்டிலேட்டரில் டைமர் வைக்கும் யோசனை பிறந்தது: மீண்டும் ஓட்டாமல் விட்டால் அது நிறுத்துவதாகாது. தந்திரம் என்று சிரிக்கலாம். அதற்குள் இருக்கும் அறிவை விடக்கூடாது.

நம் பக்கத்தில் உண்ணாமல் உயிர்விடும் வடக்கிருத்தல் உண்டு. செஞ்சி அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து மறைந்த சமணத் துறவி சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை என்னும் நினைவுக் கல்வெட்டை இன்றும் காணலாம். சமணர் சல்லேகனை என்று அழைக்கும் இந்த நோன்பைத் தற்கொலை என்று 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தடைசெய்ய, அதே மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஆனால் அந்த விரதத்துக்குத் தெளிந்த மனமும் சொந்த முடிவும் வேண்டும். நினைவற்றவர் சார்பில் மகன் அதை ஏற்க முடியாது.

இந்துக் குடும்பங்களுக்கு ஒரே ஆணைபீடம் இல்லை. வலுவாக இருப்பது வீட்டில் உயிர் போகவேண்டும் என்ற ஆசை. நடப்பில் மிகப்பெரிய கேடும் இங்கேதான். "சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறோம்" என்று எழுதிக்கொடுத்து, ஆம்புலன்சில் கையால் மூச்சூட்டும் ஆம்பு பையை அழுத்தியபடி வந்து, வாசலில் குழாயை உருவுகிறார்கள். வலியையும் திணறலையும் தணிக்கும் மார்ஃபின் இல்லை, சளி உறிஞ்சும் கருவி இல்லை. மூச்சுத்திணறலோடு போகிறது உயிர். கொலைப்பழிக்கு அஞ்சித் தேர்ந்தெடுத்த வழியே அதிக வதை.

அந்த அச்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. உச்சநீதிமன்றத்தின் 2018 மார்ச் 9 தீர்ப்பும் 2023 ஜனவரித் திருத்தமும் வழி தருகின்றன. நோயாளி முன்கூட்டி எழுதிவைக்காவிட்டாலும், குடும்பத்தின் சம்மதத்தோடு, சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள குறைந்தது இரு நிபுணர்களும் கொண்ட முதல் குழு, பிறகு இரண்டாம் குழு. ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லவேண்டும். நிறுத்துமுன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும்.

என் கருத்து: நிறுத்துவதைத் தனிப் பாவமாக்குவதால் இரு தவறுகள் நேர்கின்றன. மாட்டினால் கழற்ற முடியாதென்று பிழைக்கக்கூடியவருக்கும் மறுக்கிறார்கள். மாட்டியபின் முடிவின்றி இழுக்கிறார்கள். டைமரின் பாடத்தை இயந்திரமில்லாமலே எடுத்துக்கொள்ளலாம்: முதல் நாளே கெடு குறிப்பது. இந்தத் தாய்க்கு அது நடக்கவில்லை. இப்போதாவது பதினான்காம் நாளைக் குறித்து, கண் திறக்கிறாரா, சொன்னதைச் செய்கிறாரா, சொந்த மூச்சு வருகிறதா என மூன்றை மட்டும் பார்க்கவேண்டும். அதுவரை டிரக்கியாஸ்டமி வேண்டாம்.

மூன்றும் இல்லையென்றால், குழுக்கள் ஒப்பிய பிறகு முறை இது: தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து உடலில் மிச்சமில்லை என உறுதிசெய்வது, இல்லாவிட்டால் தவிப்பு வெளியே தெரியாது, குழாய் உணவைச் சில மணி நேரம் முன்பே நிறுத்துவது, மார்ஃபினும் தூக்கமூட்டும் மிடாசோலமும் முதலில், திணறல் அடங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக, அலாரங்களை அணைப்பது, சளியை உறிஞ்சி, பிறகே குழாயை எடுப்பது. கங்கைநீர் ஊற்றவேண்டும் என்று மகன் கேட்டால் ஸ்பூன் வேண்டாம், புரையேறும். பஞ்சில் நனைத்து உதட்டில் தடவினால் போதும்.